‘எவ்வளவு?’ என்ற கேள்விக்குத் தலைப்பிலேயே பதில் இருக்கட்டும்

பல்கலைக்கழக இந்திய மாணவர்களுக்காக ஜொகூர் பாருவில் நடந்த ஒரு படைப்புப் போட்டியில் எங்கள் குழு கலந்துகொண்டது. தலைப்பு, ஜொகூரின் நீர் வளம். எங்களுடைய முதல் ஸ்லைடின் தலைப்பு இப்படி இருந்தது: “ஜொகூரின் நீர்: விலைமதிப்பில்லாப் பெரும் செல்வம்.” இரண்டாவது, “சிங்கப்பூருக்கு நாம் வழங்கும் மாபெரும் பங்களிப்பு.” மூன்றாவதில் ஒரு திருக்குறளும் போட்டிருந்தோம். பின்னணியில் நீல நிற அலைகள். ஒத்திகையில் எல்லாரும் கைதட்டினார்கள்.

நடுவர்களில் ஒருவர், நீர் வழங்கல் துறையில் வேலை செய்து ஓய்வு பெற்ற பொறியாளர். இரண்டாவது ஸ்லைடு வந்ததும் கையைத் தூக்கினார். “தம்பி, எவ்வளவு?” என்று கேட்டார். நான் புரியாமல் நின்றேன். “மாபெரும் பங்களிப்புன்னு போட்டிருக்கீங்களே, ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி போகுது? என்ன விலைக்குப் போகுது?” என் பக்கத்தில் நின்ற தோழி, “நிறைய, ஐயா” என்றாள். அரங்கம் சிரித்தது. எங்களுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அன்று இரவு அந்த ஸ்லைடுகளைத் திறந்து பார்த்தபோதுதான் ஒன்று தெரிந்தது. ‘ஜொகூர்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘கெடா’ என்று போட்டால் அதே தலைப்பு பொருந்தும். ‘நீர்’ என்பதை எடுத்துவிட்டு ‘நெல்’ என்று போட்டாலும் பொருந்தும். எதற்கும் பொருந்தும் தலைப்பு எதைப் பற்றியும் எதையும் சொல்லவில்லை.

அதற்கு மாணவர்களை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை. தமிழ்ப்பள்ளியிலிருந்தே ‘மிக முக்கியமான’, ‘இன்றியமையாத’, ‘அளப்பரிய’ போன்ற சொற்களுக்கு மதிப்பெண் வாங்கிப் பழகிவிட்டோம். இடைநிலைப்பள்ளியில் மலாய்க் கட்டுரையிலும் அதே அலங்காரம்தான், மொழி மட்டும் மாறியது. படைப்புக்கு மதிப்பெண் போடும் தாளில் ‘வடிவமைப்பு’, ‘குரல் வளம்’, ‘தன்னம்பிக்கை’ எல்லாம் இருக்கின்றன. ‘தலைப்பில் உள்ள எண்ணுக்கு ஆதாரம் உண்டா?’ என்று ஒரு வரியும் அதில் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. அந்த ஒரு வரி என்னென்ன வேலை வாங்கும் என்பதை எங்களுடைய அந்த இரண்டாவது ஸ்லைடை வைத்தே சொல்கிறேன்.

நடுவரின் கேள்விக்குப் பதில் பல ஆண்டுகளாகப் பொதுவில் இருக்கும் ஆவணத்தில் உண்டு. 1962 செப்டம்பர் 29-ல் கையெழுத்தான ஜொகூர் ஆற்று நீர் ஒப்பந்தம், சிங்கப்பூர் ஒரு நாளைக்கு 250 மில்லியன் கேலன் வரை நீர் எடுக்கலாம் என்கிறது. விலை, 1,000 கேலனுக்கு 3 சென். ஒப்பந்தம் 2061 வரை நீடிக்கும். இந்த மூன்று எண்களும் கைக்கு வந்ததும் தலைப்பைத் திருத்த உட்கார்ந்தோம். ஐந்து நிமிட வேலை என்று நினைத்தோம், ஒரு மாலை முழுதும் போனது.

முதல் முயற்சி: “சிங்கப்பூருக்கு நாள்தோறும் 250 மில்லியன் கேலன் நீர் தருகிறோம்.” பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒப்பந்தம் சொல்வது ‘250 மில்லியன் வரை’. அது உச்சவரம்பு. ஆற்றில் நீர் குறையும் காலத்தில் அந்த அளவு கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஜொகூர் ஆற்றுக்குத் துணையாக இருக்கும் லிங்கியூ நீர்த்தேக்கம் 2016 அக்டோபரில் கொள்ளளவில் 20 விழுக்காட்டுக்கு இறங்கியது பலருக்கு நினைவிருக்கலாம். ஆகவே ‘தருகிறோம்’ என்ற சொல் எங்களுக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் சொல்கிறது. ‘வரை’ என்ற இரண்டெழுத்தைத் தலைப்பில் சேர்த்தோம். இந்த மாதிரிச் சொற்களை அடிக்குறிப்பில் சின்ன எழுத்தில் ஒளித்து வைப்பது வழக்கம். பின்வரிசையில் இருப்பவர் தலைப்பை மட்டும்தான் படிப்பார், அதனால் வரம்பைக் காட்டும் சொல் எண்ணோடு ஒட்டியே நிற்க வேண்டும்.

அடுத்தது, அந்த எண்ணைக் கேட்பவருக்கு என்ன தெரியும்? 250 மில்லியன் கேலன் என்றால் அதிகம் என்று தெரியும். எவ்வளவு அதிகம் என்று தெரியாது. குழுவில் ஒருவர், “ஒலிம்பிக் நீச்சல் குளம் கணக்கில் சொல்லலாம், 450 குளத்துக்கு மேல் வரும்” என்றார். கணக்கு சரிதான். ஆனால் அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் ஒலிம்பிக் குளத்தில் கால் நனைத்திருப்பார்கள்? தெரியாத ஒன்றைத் தெரியாத இன்னொன்றால் விளக்க முடியாது.

இங்கேதான் அளவை விட்டுவிட்டு விலைக்குப் போனோம். 250 மில்லியன் கேலனில் 250,000 ஆயிரங்கள் இருக்கின்றன. ஒவ்வோர் ஆயிரத்துக்கும் 3 சென். பெருக்கினால் 750,000 சென், அதாவது 7,500 ரிங்கிட். உச்சவரம்பு முழுவதையும் எடுத்தாலும் ஒரு நாள் நீருக்கு ஜொகூருக்குக் கிடைக்கும் விலை 7,500 ரிங்கிட். நாங்கள் இதை மூன்று முறை போட்டுப் பார்த்தோம். மூன்று முறையும் அதே விடைதான். ‘மாபெரும் பங்களிப்பு’ என்று எழுதிய எங்களுக்கே அந்த எண் புதிதாக இருந்தது.

ஆனால் 7,500 என்பதும் நம்ப முடியாத அளவுக்குச் சிறியது. கேட்பவர் “தப்பா அடிச்சிட்டீங்களா?” என்றுதான் நினைப்பார். நம்ப முடியாத உண்மையைச் சொல்லும்போது, கேட்பவர் தானே கணக்குப் போட்டுப் பார்க்கும் வழியையும் கூடவே தர வேண்டும். அதனால் மொத்தத் தொகையைத் தலைப்பிலிருந்து எடுத்துவிட்டு அடிப்படை விலையை வைத்தோம். தாமான் வீடுகளின் கூரையில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி எல்லாருக்கும் தெரியும். 200 கேலன் தொட்டி என்றால் 1,000 கேலன் ஐந்து தொட்டி நீர். தலைப்பு இப்படி ஆனது: “ஐந்து வீட்டுத் தொட்டி நீருக்கு 3 சென்: 1962-ன் விலை, 2061 வரை.” தலைப்புக்குக் கீழே, ஒரே வரியில், 250,000 × 3 சென் = 7,500 ரிங்கிட், ‘நாளொன்றுக்கு அதிகபட்சம்’. கேட்பவர் மனக்கணக்காகவே சரிபார்த்துவிடலாம்.

இந்த இடத்தில் நாங்கள் ஏறக்குறைய ஒரு பிழை செய்தோம், மற்றவர்களும் செய்வார்கள் என்பதால் சொல்கிறேன். கேலனை லிட்டராக மாற்றக் கைப்பேசியில் தட்டியபோது ஒரு கேலனுக்கு 3.785 லிட்டர் என்று வந்தது. அது அமெரிக்க கேலன். நம் நீர் ஒப்பந்தம் இங்கிலாந்து கேலனில் எழுதப்பட்டது, அது 4.546 லிட்டர். கவனிக்காமல் விட்டிருந்தால் எங்கள் லிட்டர் கணக்கு முழுவதும் 17 விழுக்காடு குறைவாக இருந்திருக்கும். அந்த ஓய்வு பெற்ற பொறியாளர் மாதிரி ஒருவர் அரங்கில் இருந்தால் அந்த ஓர் எண்ணோடு மற்ற எல்லா எண்களும் சந்தேகத்துக்குள்ளாகும். அதேபோல், குழுவில் தமிழ்நாட்டுக் காணொளிகள் நிறைய பார்க்கும் ஒருவர் ‘25 கோடி கேலன்’ என்று மாற்றலாம் என்றார். அளவு ஒன்றுதான். ஆனால் மில்லியனில் எண்ணிப் பழகிய நம் ஊர் அரங்கம் அதை மனதுக்குள் மாற்றிக்கொண்டிருக்கும்போது நாம் அடுத்த ஸ்லைடுக்குப் போயிருப்போம்.

ஆண்டுக் கணக்கு போடும் ஆசையும் வந்தது. 7,500-ஐ 365-ஆல் பெருக்கினால் 2,737,500 ரிங்கிட். ஏழு இலக்கங்கள், பார்க்கக் கம்பீரம். ஆனால் அதில் கடைசி நான்கு இலக்கங்களுக்கு எந்த மரியாதையும் இல்லை. ஒவ்வொரு நாளும் உச்சவரம்பு முழுவதும் எடுக்கப்பட்டால்தான் அந்த எண் வரும். அது நாங்களே வைத்துக்கொண்ட ஊகம். ஊகத்தின் மேல் நிற்கும் எண்ணை ஐந்நூறு ரிங்கிட் வரை துல்லியமாக எழுதுவது, நாங்கள் ரசீது பார்த்தோம் என்று சொல்வதற்குச் சமம். ‘அதிகபட்சம் ஆண்டுக்கு 2.7 மில்லியன்’ என்றால் போதும். எண் எழுதினால் நம்புவார்கள் என்பது பாதி உண்மைதான். அளந்தவருக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவு இலக்கங்கள் மட்டும் இருந்தால்தான் விஷயம் தெரிந்தவர் நம்புவார்.

இதுவரை சொன்னது ஓர் எண்ணைச் சரியாக எழுதுவது பற்றி. இதைவிடக் கடினமானது, எந்த எண்ணைத் தேர்ந்தெடுப்பது என்பது. ஜொகூர் பாருவில் எந்தக் காப்பிக் கடையில் உட்கார்ந்தாலும் இந்த நீர் விவகாரம் பற்றி ஒரு வாக்கியம் காதில் விழும்: “3 காசுக்கு விற்கிறோம், 50 காசுக்குத் திரும்ப வாங்குகிறோம்.” எங்கள் குழுவில் எல்லாருக்கும் இதைத் தலைப்பாக வைக்க ஆசை. எண் இருக்கிறது, சுருக்கமாக இருக்கிறது, கோபமும் வருகிறது. இரண்டு எண்களும் உண்மை. ஒப்பந்தப்படி சுத்திகரித்த நீரை 1,000 கேலனுக்கு 50 சென் என்ற விலையில் ஜொகூர் வாங்கிக்கொள்ளலாம்.

ஆனால் 3 சென்னுக்குப் போவது ஆற்று நீர். 50 சென்னுக்கு வருவது வடிகட்டி, கிருமி நீக்கி, குடிக்கத் தகுந்த நிலையில் உள்ள நீர். இரண்டையும் ‘விற்கிறோம், வாங்குகிறோம்’ என்று ஒரே தராசில் வைக்கும்போது, அதே பொருளைப் பதினாறு மடங்குக்கு மேல் விலை வைத்து நம் தலையில் கட்டுகிறார்கள் என்ற தோற்றம் வருகிறது. 1,000 கேலனைச் சுத்திகரிக்கத் தனக்கு 2.40 ரிங்கிட் செலவாகிறது என்று சிங்கப்பூர் அரசு சொல்லிவந்திருக்கிறது. அந்தக் கணக்கை ஏற்றால், ஒவ்வோர் ஆயிரம் கேலனிலும் 1.90 ரிங்கிட் நட்டத்துக்கு அவர்கள் விற்கிறார்கள். அந்த 2.40 சரியா என்று வாதிடலாம், ஆனால் ஆற்று நீரும் குழாய் நீரும் ஒன்று என்று வாதிட முடியாது.

சரி, எதிர்த் தரப்பின் எண்ணைத் தலைப்பாக்கலாமா? ஒப்பந்தப்படி ஜொகூருக்கு உரிமையுள்ளது, சிங்கப்பூருக்குப் போகும் நீரில் 2 விழுக்காடு. 250 மில்லியனில் அது 5 மில்லியன் கேலன். நடைமுறையில் 16 மில்லியன் கேலன் வரை தருவதாகச் சிங்கப்பூர் தரப்பு சொல்கிறது. 16,000 ஆயிரங்கள், ஒவ்வொன்றுக்கும் 50 சென் என்றால் நாளொன்றுக்கு 8,000 ரிங்கிட். அப்படியானால் நீர் விலையாக ஜொகூர் பெறுவது 7,500, கொடுப்பது 8,000. இதுவும் தலைப்பாகத் தகுந்த ஓர் அதிர்ச்சிதான்! ஆனால் இதைப் பார்த்ததும், 250 மில்லியனைக் கொடுத்துவிட்டு 16 மில்லியனுக்கு மேல்காசும் கட்டுகிறோம் என்று ஒருவர் கொதிப்பார். அடக்கவிலைக்கும் கீழே வாங்குகிறோமே என்று இன்னொருவர் திருப்திப்படுவார். ஒரே எண்தான். நில வாடகை போன்ற மற்றக் கொடுக்கல் வாங்கல்கள் இந்தக் கணக்கில் வரவும் இல்லை.

கடைசியில் நாங்கள் வைத்த தலைப்பு கோபம் குறைந்தது: “1,000 கேலன்: ஆற்று நீர் 3 சென், சுத்திகரித்த நீர் 50 சென்.” வினைச்சொல் இல்லை, ‘நாம்’ இல்லை. பொருளின் பெயர் எண்ணுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கைதட்டல் குறையும் என்று தெரிந்தேதான் வைத்தோம். ஆனால் இதைப் போட்டுவிட்டு, அறுபது ஆண்டுக்கு மேற்பட்ட இந்த விலைகள் இரண்டுமே இன்றைய செலவோடு ஒட்டவில்லை என்று பேச்சைத் தொடங்கலாம். காப்பிக் கடைத் தலைப்பைப் போட்டால் அதைத் தற்காப்பதிலேயே நேரம் போய்விடும்.

இதே பிசகு வேறு உருவத்திலும் வரும். புக்கிட் சாகாரையும் சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் ஆர்டிஎஸ் ரயிலைப் பற்றி எத்தனையோ மாணவர் ஸ்லைடுகளில் “5 நிமிடத்தில் சிங்கப்பூர்” என்று பார்த்திருக்கிறேன். சுமார் 4 கிலோமீட்டர் பாதையை ரயில் கடக்க ஆகும் நேரம் அது. வரிசையில் நிற்பது, கடப்பிதழ்ச் சோதனை, நிலையத்துக்கு வந்து சேர்வது எதுவும் அதில் சேராது. காஸ்வேயில் காலை ஐந்து மணிக்கு மோட்டார் சைக்கிளில் நின்றவர் அந்தத் தலைப்பைப் பார்த்தால், அதற்குப் பிறகு வரும் எந்த எண்ணையும் நம்பமாட்டார். “ரயிலில் ஏறிய பின் 5 நிமிடம்” என்றால் மூன்று சொற்கள்தான் கூடும். ‘மணிக்கு 10,000 பயணிகள்’ என்பதும் அப்படித்தான். அது ஒரு திசையில் ஏற்றிச்செல்லக்கூடிய அளவு, ஏறப்போகிறவர்களின் எண்ணிக்கை அல்ல.

மாணவர் போட்டியில் தலைப்பு மங்கலாக இருந்தால் நட்டம் ஒரு கோப்பைதான். வேறோர் இடத்தில் அதற்கு என்ன விலை ஆகக்கூடும் என்பதற்கு ஒரு ஸ்லைடு வரலாற்றில் நிற்கிறது. 2003 ஜனவரி 16-ல் கொலம்பியா விண்ணோடம் புறப்பட்டது. இந்தியாவின் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா அதில் இருந்த ஏழு பேரில் ஒருவர். புறப்பட்ட ஒன்றரை நிமிடத்துக்குள், வெளித் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. ஓடம் பூமியைச் சுற்றிக்கொண்டிருந்தபோதே, இதனால் ஆபத்து உண்டா என்று பொறியாளர்கள் ஆராய்ந்து மேலதிகாரிகளுக்கு ஸ்லைடுகளாகக் கொடுத்தார்கள்.

அவற்றில் ஒன்றின் தலைப்பு, சோதனைத் தரவுகள் பாதுகாப்பான பக்கமே சாய்கின்றன என்ற பொருளில் இருந்தது. படித்தவர் நிம்மதியாக அடுத்ததற்குப் போகலாம். அதே ஸ்லைடின் அடிவாரத்தில், உள்ளுக்குள் உள்ளாகத் தள்ளி எழுதிய சிறு வரியில் இரண்டு எண்கள் இருந்தன. மோதியதாகக் கருதப்பட்ட துண்டின் பருமன் 1,920 கன அங்குலம். சோதனை செய்யப்பட்ட துண்டோ 3 கன அங்குலம். 1,920-ஐ 3-ஆல் வகுத்தால் 640. அதாவது அவர்களிடம் இருந்த சோதனை, நடந்ததைவிட 640 மடங்கு சிறிய துண்டைப் பற்றியது. அந்த வகுத்தலையும் ஸ்லைடில் யாரும் செய்து காட்டவில்லை. தகவலைக் காட்சிப்படுத்துவது பற்றி எழுதும் எட்வர்ட் டஃப்டி பின்னர் இந்த ஸ்லைடைப் பகுத்துப் பார்த்தபோது, ‘குறிப்பிடத்தக்க’ என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல் அந்த ஒரே ஸ்லைடில் ஐந்து முறை வருவதைச் சுட்டிக்காட்டினார். எவ்வளவு குறிப்பிடத்தக்கது என்று ஒரு முறையும் சொல்லப்படவில்லை. விபத்தை விசாரித்த குழு 2003 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கையில் அவருடைய பகுப்பாய்வையும் சேர்த்தது.

பிப்ரவரி 1-ல் திரும்பி வரும்போது கொலம்பியா சிதறியது. ஏழு பேரும் இறந்தார்கள். ஒரு ஸ்லைடால்தான் அது நடந்தது என்று சொல்வது பொய்யாகும், தலைப்பு வேறாக இருந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றும் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்றைக் கேட்டுப் பார்க்கலாம். அந்தத் தலைப்பு “சோதித்த துண்டைவிட 640 மடங்கு பெரிய துண்டு மோதியிருக்கிறது” என்று இருந்திருந்தால், அறையில் இருந்தவர்கள் அடுத்த ஸ்லைடுக்கு அவ்வளவு சுலபமாகப் போயிருப்பார்களா? எண் அந்த ஸ்லைடில் இல்லாமல் இல்லை. தலைப்பில் இல்லை, அவ்வளவுதான். அதனால்தான் ‘விவரம் உள்ளே இருக்கிறது’ என்ற சமாதானத்தை நான் ஏற்பதில்லை. முடிவைத் தீர்மானிக்கும் எண் எதுவோ, அது மேலே வர வேண்டும், மேலே உள்ள வாக்கியத்தை அது மறுத்தால் வாக்கியத்தைத்தான் மாற்ற வேண்டும்.

இனி, ஒப்பந்தமும் அறிக்கையும் இல்லாத விஷயத்துக்கு என்ன செய்வது என்று கேட்பார்கள். மாணவர் படைப்புகளில் பாதிக்கு மேல் அப்படிப்பட்டவைதான். நீர் பற்றிய எங்கள் படைப்பின் கடைசி ஸ்லைடு முதலில் “விடுதிகளில் ஏராளமான நீர் வீணாகிறது” என்று இருந்தது. ஆதாரம், எங்கள் மாடிக் குளியலறையில் ஒழுகும் ஒரு குழாய். அதை அளந்துவிடலாமே என்று தோன்றியது. சமையலுக்கு வைத்திருந்த அளவுக் குவளையை அடியில் வைத்து, கைப்பேசியில் பத்து நிமிடம் வைத்தோம். 250 மில்லிலிட்டர். ஒரு முறை போதாது என்று இன்னும் இரண்டு முறை வைத்தோம். 240, 265. சராசரி 251.67. ஒரு நாளில் 144 பத்து நிமிடங்கள். பெருக்கினால் 36.24 லிட்டர்.

குழுவில் ஒருவர் 36.24 என்றே போடுவோம், அறிவியல்பூர்வமாகத் தெரியும் என்றார். சமையல் குவளையின் கோடுகள் பத்து மில்லிலிட்டரைக்கூடச் சரியாகக் காட்டாது. அளந்த மூன்று முறையில் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் 25 மில்லிலிட்டர் வித்தியாசம். இரண்டு தசம இலக்கம் எங்கிருந்து வரும்? “சுமார் 36 லிட்டர்” என்று வைத்தோம். நம் நாட்டில் ஒருவர் ஒரு நாளில் 200 லிட்டருக்கு மேல் நீர் பயன்படுத்துகிறார். அதோடு வைத்துப் பார்த்தால் ஒழுகுவது ஒருவர் பயன்பாட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ‘ஏராளம்’ என்ற சொல்லுக்கு அது தகாது. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது, பெரிய பேரழிவைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைத்திருந்தோம். விடுதி முழுவதற்கும் பெருக்கிக் காட்டலாமே என்றால், மற்ற மாடிகளில் எத்தனை குழாய் ஒழுகுகிறது என்று நாங்கள் எண்ணவில்லை. ஆகவே தலைப்பு, “ஒழுகும் ஒரு குழாய்: ஒரு நாளில் சுமார் 36 லிட்டர்.” அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

திருத்திய ஸ்லைடுகளை எங்கள் துறை மாணவர்கள் முன்னிலையில் மறுபடியும் படைத்தோம். நீர் ஒப்பந்தம் பற்றி நீண்ட விவாதம் நடந்தது, ‘எவ்வளவு?’ என்று யாரும் கேட்கவில்லை. கடைசி ஸ்லைடு வந்தபோது முதலாம் ஆண்டு மாணவி ஒருவர் எழுந்தார். “அக்கா, அண்ணா, எத்தனை மணிக்கு அளந்தீங்க?” மாலை ஆறு மணிக்கு என்றோம். “அப்போ எல்லாரும் குளிக்கிற நேரமாச்சே. ராத்திரி யாரும் குழாயைத் திறக்காதப்போ அழுத்தம் கூடும், ஒழுகறதும் கூடும் இல்லையா?”

எங்களிடம் பதில் இல்லை. அன்று இரவு இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, அதே குவளையை அதே குழாயின் அடியில் வைத்தோம். பத்து நிமிடத்தில் 310 மில்லிலிட்டர். நாள் முழுதும் அப்படியே ஒழுகினால் 45 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. தலைப்பை “ஒரு நாளில் 36 முதல் 45 லிட்டர் வரை” என்று மாற்றிவிட்டுத் தூங்கப் போனோம்.